வியாழக்கிழமை மட்டும் ஜெயிக்கும் பேக்டெஸ்ட்: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழிமுறை

பெங்களூரு அல்சூரில் இருக்கும் இளைய நண்பர் ஒருவர் தன் பேக்டெஸ்ட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்தார். ஒரு டிரேடிங் உத்தியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பதுதான் பேக்டெஸ்ட். பகலில் ஐடி வேலை, இரவில் பைத்தான். இந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்களிடையே இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் கொண்டுவரும் கோளாறும் பெரும்பாலும் இதே சாயலில்தான் இருக்கிறது. அதனால் அந்த ஒரு பேக்டெஸ்ட்டை வைத்தே முழு வழிமுறையையும் எழுதுகிறேன். கணக்கு எளிதாக இருக்க எண்களை வட்டமாக்கியிருக்கிறேன்.

உத்தி இதுதான். வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியின் ஃபியூச்சர்ஸ். காலை 9.15க்குச் சந்தை திறந்ததும் முதல் 30 நிமிடத்தின் உச்ச விலையையும் தாழ்ந்த விலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். உச்சத்தைத் தாண்டினால் வாங்க வேண்டும், கீழே உடைத்தால் விற்க வேண்டும். நஷ்ட வரம்பான ஸ்டாப்லாஸோ லாப இலக்கான டார்கெட்டோ அடிபடாவிட்டால் 3.15க்கு வெளியேறிவிட வேண்டும். 2024 ஆண்டு முழுக்க ஓட்டிப் பார்த்து, வியாழக்கிழமைகளை மட்டும் எடுத்தால் 46 டிரேடு. ஒரு டிரேடுக்குச் சராசரி லாபம் 40 பாயின்ட். டிரேடுகளின் திட்ட விலக்கம், அதாவது லாப நஷ்டம் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு, 130 பாயின்ட். லாபத்தைக் கூட்டிக்கொண்டே வரைந்த கர்வ் இடது கீழிலிருந்து வலது மேலே அழகாக ஏறுகிறது.

"அண்ணா, இதுல பணம் போடலாமா?" என்பது அவர் கேள்வி.

அறிகுறி 1: டிரேடு 50க்குள் இருக்கிறது, கர்வ் மட்டும் பிரமாதம்

முதலில் பார்க்க வேண்டியது கர்வை அல்ல. சராசரிக்கும் சிதறலுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும். கணக்கு ஒரே வரிதான்:

```
t = (சராசரி / திட்ட விலக்கம்) × √(டிரேடு எண்ணிக்கை)
t = (40 / 130) × √46 ≈ 2.09
```

இந்த டி மதிப்பு 2ஐத் தாண்டினால் "தற்செயல் இல்லை" என்று சொல்வது பாடப்புத்தக வழக்கம். நண்பரும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அதே எண்களை வேறு விதமாக எழுதினால் நிலைமை தெளிவாகும். சராசரியின் பிழை அளவு 130 / √46, அதாவது சுமார் 19 பாயின்ட். இருபுறமும் அதன் இரண்டு மடங்கை எடுத்தால், உண்மையான சராசரி 2 பாயின்டாகவும் இருக்கலாம், 78 பாயின்டாகவும் இருக்கலாம். டேட்டா சொல்வது அவ்வளவுதான்.

இதில் அந்த 2 பாயின்ட் முனை முக்கியம். 2024 அக்டோபர் 1 முதல் ஃபியூச்சர்ஸ் விற்பனைக்கான பரிவர்த்தனை வரியான எஸ்டிடி 0.0125 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாக உயர்ந்தது. பேங்க் நிஃப்டி 50,000இல் இருந்தால் அந்த 0.02 சதவீதமே 10 பாயின்ட். புரோக்கரேஜ், ஜிஎஸ்டி, நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசமான ஸ்லிப்பேஜ் எல்லாம் அதற்கு மேல். நண்பரின் 40 பாயின்ட் இவை எதையும் கழிக்காதது. வரி விகிதம் அவ்வப்போது மாறும் என்பதால், நீங்கள் டிரேடு செய்யப்போகும் காலத்தின் விகிதத்தைப் போட்டுத்தான் கணக்கை ஓட்ட வேண்டும்.

சரி, அப்படியானால் எத்தனை டிரேடு வேண்டும்? ஒரே எண்ணாகப் பதில் கிடையாது. மேலே உள்ள வரியைத் திருப்பிப் போட வேண்டும்:

```
N = (t × திட்ட விலக்கம் / எதிர்பார்க்கும் சராசரி)²
```

எதிர்பார்க்கும் சராசரி என்ற இடத்தில் பேக்டெஸ்ட் காட்டிய 40ஐப் போடாதீர்கள். அது பல அமைப்புகளை ஓட்டிப் பார்த்து அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த எண் (அறிகுறி 3இல் பார்ப்போம்), நிஜம் அதைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பாதியாகக் குறைத்து 20 என்று வைத்தால், டி மதிப்பு 2 வருவதற்கு (2 × 130 / 20)², அதாவது 169 டிரேடு வேண்டும். டி மதிப்பு 3 வேண்டுமென்றால் 380. சராசரி லாபம் பாதியானால் தேவைப்படும் டிரேடு நாலு மடங்கு ஆகிறது, இதுதான் இந்தக் கணக்கின் கொடுமை. இன்னொன்றும் உண்டு: 169 டிரேடு இருந்தாலும், உண்மையிலேயே 20 பாயின்ட் லாபம் தரும் உத்திகூடப் பாதித் தடவைதான் 2ஐத் தாண்டும். ஏனென்றால் 2 என்பது அங்கே சராசரியாக வரும் மதிப்பு. நல்ல உத்தி ஐந்தில் நாலு தடவையாவது தேற வேண்டுமென்றால் 340 டிரேடு வரை தேவைப்படும்.

"30 டிரேடு இருந்தால் போதும்" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். புள்ளியியல் வகுப்பில் வரும் அந்த 30, சராசரியின் பரவல் ஓரளவு மணி வடிவத்துக்கு வருவதைப் பற்றிய ஒரு தோராய விதி. உங்கள் லாபம் சிதறலோடு ஒப்பிட எவ்வளவு சிறியது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அறிகுறி 2: டிரேடு நூற்றுக்கணக்கில் இருக்கிறது, ஆனால் நம்பிக்கை வரவில்லை

46 போதாது என்றதும் பலர் செய்யும் அடுத்த வேலை, அதே உத்தியை எச்டிஎஃப்சி பேங்க், ஐசிஐசிஐ பேங்க், எஸ்பிஐ, ஆக்சிஸ், கோடக் என்று ஐந்து பங்குகளில் ஓட்டுவது. உடனே 230 டிரேடு கிடைத்துவிடும். டி மதிப்பும் ஏறிவிடும்.

ஆனால் இந்த ஐந்தும் பேங்க் நிஃப்டிக்குள் இருக்கும் பங்குகள். குறியீடு ஏறும் நாளில் பெரும்பாலும் எல்லாம் சேர்ந்தே ஏறும். அந்த 230இல் இருப்பது அதே 46 வியாழக்கிழமைகள்தான். கண்டுபிடிக்க எளிய வழி: ஒரே நாளில் எடுத்த டிரேடுகளை எல்லாம் கூட்டி ஒரு நாளுக்கு ஒரு எண் ஆக்குங்கள், அந்த நாள் எண்களை வைத்து டி மதிப்பைத் திரும்பக் கணக்கிடுங்கள். பழைய மதிப்பிலிருந்து சரசரவென்று இறங்கினால் உங்கள் எண்ணிக்கை வீங்கியிருந்தது என்று அர்த்தம். பல நாட்கள் வைத்திருக்கும் டிரேடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றாலும் இதே கதைதான். அங்கே ஒரு நாளுக்குப் பதில் வைத்திருக்கும் கால அளவுக்கு ஒரு எண் என்று தொகுக்க வேண்டும்.

ஆப்ஷன் விற்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் டேட்டாவில் பெரிய அடி விழுந்த நாள் ஒன்றுகூட இல்லாவிட்டால், திட்ட விலக்கம் பொய் சொல்லும், டி மதிப்பு வானத்தில் நிற்கும். 150 டிரேடில் ஒரு பேரிழப்பும் வரவில்லை என்றால், 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது "பேரிழப்பின் வாய்ப்பு 3 / 150க்கு, அதாவது 2 சதவீதத்துக்கு, மேல் இருக்காது" என்பது மட்டும்தான். வாரம் ஒரு டிரேடு என்றால் 2 சதவீதம் வருடத்துக்கு ஒரு தடவை. 2020 மார்ச் 23, 2024 ஜூன் 4 போன்ற, சந்தை பெரிதாகச் சரிந்த நாட்கள் பேக்டெஸ்ட்டுக்குள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற எண்களைப் பார்க்க வேண்டும்.

அறிகுறி 3: பல வடிவங்களில் ஒன்று மட்டும் மின்னுகிறது

நண்பரின் கேஸில் உண்மையான கோளாறு இங்கேதான் இருந்தது. நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "வியாழக்கிழமைக்கு எப்படி வந்து சேர்ந்தே?"

நோட்புக்கைத் திறந்து காட்டினார். தொடக்க நேரம் 15, 30, 45, 60 நிமிடம் என்று நாலு. ஸ்டாப்லாஸ் மூன்று. டார்கெட் மூன்று. கிழமை: திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்தும், எல்லா நாளும் சேர்த்து ஒன்றும் என ஆறு. 4 × 3 × 3 × 6 = 216 வடிவங்கள். ஒரு ஃபார் லூப், சில நிமிட வேலை. அட்டவணையை டி மதிப்புப்படி வரிசைப்படுத்தி முதல் வரியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்த முதல் வரிதான் 2.09.

டி மதிப்பு 2 என்ற வரம்பு, ஒரே ஒரு யோசனையை ஒரே ஒரு தடவை சோதித்தவருக்கானது. லாபமே இல்லாத உத்தி தற்செயலாக அந்த அளவு விலகி நிற்க வாய்ப்பு சுமார் 5 சதவீதம், லாபப் பக்கம் மட்டும் பார்த்தால் அதில் பாதி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத, லாபமே இல்லாத 20 யோசனைகளை 5 சதவீத வரம்பில் சோதித்தால், ஒன்றாவது தேறிவிடும் வாய்ப்பு 1 − 0.95²⁰, அதாவது 64 சதவீதம். நாணயத்தைச் சுண்டி விடுவதைவிட இது மோசம்.

நண்பர் உடனே ஒரு நியாயமான எதிர்வாதம் வைத்தார். "216ம் தனித்தனி இல்லையே அண்ணா. 30 நிமிடமும் 45 நிமிடமும் கிட்டத்தட்ட ஒரே டிரேடுதானே?" உண்மைதான். ஒட்டிப் பிறந்த வடிவங்களைத் தனித்தனிச் சோதனையாக எண்ணினால் தண்டனை அதிகமாகிவிடும். அவருக்குச் சாதகமாகவே விட்டுக்கொடுத்து, 216இன் உண்மையான பலம் 30 தனிச் சோதனைகள்தான் என்று வைத்துக்கொள்வோம். லாபம் துளியும் இல்லாத 30 உத்திகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் 46 டிரேடு கொடுத்து, அவற்றில் முதலிடம் பிடிப்பதன் டி மதிப்பு சராசரியாக எவ்வளவு என்று கணினியிடமே கேட்கலாம்:

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)
x = rng.normal(0, 130, (2000, 30, 46))
t = x.mean(2) / x.std(2, ddof=1) * np.sqrt(46)
print(t.max(1).mean())
```

விடை 2.1ஐ ஒட்டி வரும். அதாவது, எந்தச் சரக்கும் இல்லாத 30 உத்திகளில் சிறந்தது என்ன காட்டுமோ அதையேதான் நண்பரின் வியாழக்கிழமையும் காட்டியிருக்கிறது. இந்த ஐந்து வரியை நான் எல்லோரையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். 30ஐ 10 ஆக்கினால் விடை சுமார் 1.6, 200 ஆக்கினால் 2.8 அல்லது அதற்குச் சற்று மேல். சோதனைகள் கூடக் கூட, சும்மா இருப்பதே சாதனை போலத் தெரியும் உயரம் மெதுவாக ஏறிக்கொண்டே போகிறது.

30 என்று ஊகிப்பது பிடிக்கவில்லை என்றால், நேராகவே அளக்கலாம். 216 வடிவங்களின் தினசரி லாப நஷ்டத்தை R என்ற ஒரே நம்பை அட்டவணையாக வையுங்கள்: ஒரு வரிசை ஒரு நாள், ஒரு நெடுவரிசை ஒரு வடிவம், டிரேடு இல்லாத நாளில் பூஜ்ஜியம். ஒவ்வொரு நெடுவரிசையிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்துவிடுங்கள். இப்போது எதற்கும் லாபமில்லை. பிறகு நாட்களைக் குலுக்கல் முறையில், திரும்பத் திரும்ப வரலாம் என்ற அனுமதியோடு எடுங்கள். ஒரு நாளை எடுக்கும்போது அந்த வரிசை முழுவதையும் சேர்த்தே எடுப்பதுதான் இதன் உயிர்நாடி. வடிவங்களுக்கு இடையில் இருக்கும் ஒட்டுறவு அப்படியே காப்பாற்றப்படும், எத்தனை தனிச் சோதனை என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

```python
def tstat(a):
    return a.mean(0) / a.std(0, ddof=1) * np.sqrt(len(a))

real = tstat(R).max()
C = R - R.mean(0)
n = len(C)
best = np.array([tstat(C[rng.integers(0, n, n)]).max()
                 for _ in range(2000)])
print(real, (best >= real).mean())
```

கடைசியில் வரும் எண், லாபமில்லாத உலகில் உங்கள் முதல் வரி அளவுக்கு ஒன்று தேறும் வாய்ப்பு. 0.05க்குக் கீழே வந்தால் மேலே பேசலாம். 0.3, 0.4 என்று வந்தால் அந்த முதல் வரிக்குத் தனி மதிப்பு எதுவும் இல்லை. இந்தச் சிந்தனை 2000இல் ஹால்பர்ட் ஒயிட் என்ற பொருளாதார அறிஞர் முன்வைத்த சோதனையின் எளிய வடிவம். ஒரு நாளின் முடிவு அடுத்த நாளோடு தொடர்புடையதாக இருந்தால், ஒற்றை நாட்களுக்குப் பதில் ஐந்து அல்லது பத்து நாள் துண்டுகளாக எடுக்க வேண்டும்.

ஆனால் இந்தச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. அட்டவணையில் இருக்கும் வடிவங்கள்தான் அதற்குத் தெரியும். போன மாதம் ஓட்டிப் பார்த்துக் குப்பையில் போட்ட மூவிங் ஆவரேஜ் உத்தி, அதற்கு முன் பார்த்த ஆர்எஸ்ஐ, யூடியூபில் யாரோ ஏற்கெனவே நூறு விஷயத்தைச் சலித்து "இது வேலை செய்கிறது" என்று காட்டியது, இவை எதுவும் அதற்குள் இல்லை. ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரு சிஎஸ்வி கோப்பில் ஸ்கிரிப்டே தானாக எழுதும்படி வைத்துவிடுங்கள்: தேதி, அமைப்புகள், டிரேடு எண்ணிக்கை, டி மதிப்பு. தோற்றவற்றையும் சேர்த்துத்தான். நினைவிலிருந்து எண்ணினால் எல்லோருமே குறைத்துத்தான் எண்ணுவோம். பங்கு வருமானத்தை விளக்குவதாகச் சொல்லும் ஆய்வுகள் நூற்றுக்கணக்கில் குவிந்துவிட்ட நிலையில், 2016இல் ஹார்வி, லியு, ஷு மூவரும் புதிய கண்டுபிடிப்புக்கு டி மதிப்பு 3க்கு மேல் வேண்டும் என்று வாதிட்டதன் காரணமும் இதுதான். பதிவேடு வைக்காதவர்கள் அந்த 3ஐயாவது வரம்பாக வைத்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் தேடியவருக்கு அதுவும் போதாது.

அறிகுறி 4: முடிவு வந்த பிறகு காரணம் கிடைக்கிறது

"வியாழன் எக்ஸ்பைரி நாள் அண்ணா, அதனாலதான் அன்னைக்கு மூவ் வருது" என்றார் நண்பர். எக்ஸ்பைரி என்றால் ஆப்ஷன், ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்கள் முடியும் நாள். காரணம் கேட்க நன்றாக இருக்கிறது. இப்படிப்பட்ட காரணத்தைத் தள்ளிவிடக் கூடாது, சோதிக்க வேண்டும். காரணம் உண்மை என்றால் அது வேறு எங்கே தெரிய வேண்டும் என்று கேட்க வேண்டும்.

பேங்க் நிஃப்டியின் வார எக்ஸ்பைரி 2023 செப்டம்பரில் வியாழனிலிருந்து புதனுக்கு மாறியது. 2024 நவம்பர் 13ஆம் தேதிக்குப் பிறகு பேங்க் நிஃப்டிக்கு வார எக்ஸ்பைரியே இல்லை. ஆக, 2024இல் எக்ஸ்பைரிதான் காரணம் என்றால் மின்ன வேண்டியது புதன்கிழமை. அவர் அட்டவணையில் புதன்கிழமை வரி நஷ்டத்தில் கிடந்தது. "2024ல நிஃப்டிக்கு வியாழன்தானே" என்று அடுத்த காரணத்துக்குத் தாவினார். அதற்கும் சோதனை இருக்கிறது. 2021, 2022 ஆண்டுகளில் இரண்டு குறியீடுகளுக்குமே வியாழன்தான் எக்ஸ்பைரி. அதே 30 நிமிடம், அதே ஸ்டாப்லாஸ், அதே டார்கெட், ஒரு எண்ணைக்கூட மாற்றாமல் அந்த இரண்டு வருட வியாழன்களில் ஓட்டினால், லாபம் இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஓட்டினார். சராசரி 5 பாயின்ட். வரியும் ஸ்லிப்பேஜும் அதைத் தின்றுவிடும்.

அடுத்து கிழமை வடிகட்டியையே எடுத்துவிட்டு, 2021 முதல் 2024 வரை எல்லா நாளும் ஓட்டினோம். சுமார் 900 டிரேடு, சராசரி 6 பாயின்ட், திட்ட விலக்கம் அதே 130. டி மதிப்பு (6 / 130) × 30, சுமார் 1.4. இப்போது டிரேடு எண்ணிக்கை போதுமான அளவு இருக்கிறது, அதனால் இந்தப் பதிலை நம்பலாம்: செலவைத் தாண்டும் லாபம் இதில் இல்லை.

அறிகுறி 5: தனியே எடுத்துவைத்த டேட்டாவிலும் தேறியது

2025ஐத் தொடாமல் வைத்திருந்து கடைசியில் சோதிப்பது நல்ல பழக்கம். அது ஒரு தடவைதான் செல்லும். லாபமே இல்லாத உத்திகூட, செலவைக் கழிக்காவிட்டால், புதிய டேட்டாவில் பாதித் தடவை லாபத்தில் முடியும். முதல் உத்தி அங்கே தோற்றது, இரண்டாவதைக் கொண்டுவந்தோம், அதுவும் தோற்றது என்று ஐந்து உத்திகள் போனால், ஒன்றாவது லாபம் காட்டும் வாய்ப்பு 1 − 0.5⁵, அதாவது 97 சதவீதம். அதன் பெயர் தேர்ச்சி அல்ல. எத்தனையாவது உத்தி இந்த டேட்டாவைத் தொடுகிறது என்பதையும் அதே சிஎஸ்வி கோப்பில் எழுதுங்கள். மூன்று நாலு தடவை தொட்டாகிவிட்டால், அந்த வருடமும் பழைய டேட்டாவோடு சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு இனி வரும் மாதங்களுக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அறிகுறி 6: நிஜப் பணத்தில் இறங்கியதும் சறுக்குகிறது

பேக்டெஸ்ட்டில் 40, நிஜத்தில் 20 டிரேடுக்குப் பிறகு சராசரி −10 என்று வைத்துக்கொள்வோம். "சந்தை மாறிவிட்டது" என்பார்கள். கணக்குப் போடுங்கள்: 130 / √20, பிழை அளவு 29 பாயின்ட். 40இலிருந்து −10 வரை 50 பாயின்ட் இடைவெளி, 1.7 மடங்கு. 40 உண்மையாகவே இருந்திருந்தாலும் இப்படி ஒரு சறுக்கல் எப்போதாவது வரும். ஆனால் நிஜ லாபம் பூஜ்ஜியம் என்றால் −10 மிகச் சாதாரணம். 216இலிருந்து பொறுக்கியெடுத்தது என்று தெரிந்த பிறகு, இரண்டாவது விளக்கத்துக்குத்தான் நான் எடை கொடுப்பேன்.

எந்த டிரேடில் நிறுத்துவது என்பதை இறங்குவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். உதாரணமாக, 60 டிரேடுக்குப் பிறகு பிழை அளவு 17 பாயின்டாகக் குறையும். அப்போது செலவு போகச் சராசரி பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தால் நிறுத்துவது என்று முடிவு செய்யலாம். வாரம் ஒரு டிரேடு எடுக்கும் உத்திக்கு அந்த 60 வருவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நண்பர் வியாழன் உத்தியை மூடிவிட்டார். அடுத்ததாக யோசித்திருப்பது தினமும் டிரேடு தரும் ஒன்று. அமைப்புகள் மொத்தம் நாலே நாலு, ஓட்டுவதற்கு முன்பே நாலையும் கோப்பில் எழுதிவைத்திருக்கிறார்.